குடத்துக்குள் இருந்த ஓட்டை

கடைசல் பட்டறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வார்த்துக் கொடுத்த அலுமினியக் கப்பியை அண்ணை இயந்திரத்தில் பிடித்து, நடுவில் அச்சாணிக்கான துளையைப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சென்ரிமீற்றர் ஆழம் வரை சுருள் சுருளாகச் சீவல் வந்தது. பிறகு திடீரென்று சீவல் நின்றது; அலகு எதையுமே வெட்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அண்ணை இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இது உள்ளே வெறும் கோது" என்றார்.

கப்பி, சுன்னாகப் பக்கத்தில் மிளகாய்த்தூள் மில் வைத்திருக்கும் ஐயா ஒருவருக்கானது. 20 சென்ரிமீற்றர் விட்டமும் 2 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு வட்டத் தட்டு. அதன் நடுவில் 8 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு குடம். வண்டிச் சக்கரத்தில் அச்சு புகும் நடுப்பகுதியைக் குடம் என்று சொல்வதால் நாங்கள் இதையும் அப்படியே சொல்லிக்கொள்கிறோம். குடம் தட்டுக்கு மேலே 6 சென்ரிமீற்றர் எழும்பி நிற்கும். தட்டின் தடிப்பையும் சேர்த்தால் மொத்த உயரம் 8. பெல்ற் ஓடும் பள்ளத்தைக் கடைசலில் வெட்டிக்கொள்ளலாம் என்பதால் வார்ப்பில் வேறு சிக்கல் எதுவும் இல்லை. ஆரக்கால் வைத்து வார்க்கும் சிரமத்தைத் தவிர்க்கவே முழுத் தட்டாக எடுத்தேன்.

குடத்தின் தலையில் ரைசர் வைத்திருந்தேன் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். ரைசர் என்பது வார்ப்போடு ஒட்டி நிற்கும் ஒரு சேமிப்புத் தொட்டி. உலோகம் உறையும்போது சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப உருகிய உலோகம் அதிலிருந்து இறங்கும். பிறகு அதை அறுத்து எடுத்துத் திரும்ப உருக்கிக்கொள்வோம். நான் வைத்தது 5 சென்ரிமீற்றர் விட்டத்தில் 12 சென்ரிமீற்றர் உயரமான ஒரு தூண். கப்பியை விட உயரமாக, பார்ப்பதற்குக் கம்பீரமாக நின்றது. அத்தனை பெரிய தொட்டி தலைமேல் இருக்கும்போது குடத்துக்குள் எப்படிக் கோது விழும்?

முதலில் நான் குற்றம் சாட்டியது வாயுவை. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஐதரசனை உறிஞ்சிக்கொள்ளும், உறையும்போது அதைக் கக்கும், அதனால் வார்ப்பு முழுக்கக் குமிழி விழும் என்பது தெரியும். மாரி காலம் வேறு. மணலிலும் ஈரம், நான் உருக்கும் பழைய பிஸ்டன்களிலும் எண்ணெய், காற்றிலும் ஈரம். பிஸ்டன்களைக் கழுவிக் காயவைத்தேன், மூசையை நன்றாகச் சூடாக்கினேன், உலோகத்தைத் தேவைக்கு மேல் காய்ச்சாமல் இறக்கினேன். இரண்டாவது கப்பியிலும் அதே இடத்தில் அதே ஓட்டை.

அண்ணைதான் என் கண்ணைத் திறந்தார். இரண்டாவது கப்பியை வாளால் நெடுக அறுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். ஓட்டையின் உட்சுவர் கரடுமுரடாக, சின்னச் சின்னச் செடிகள் முளைத்தது போல இருந்தது. வாயுக் குமிழி அப்படி இருக்காது. அது உருண்டையாக, உட்சுவர் வழவழப்பாக, பெரும்பாலும் மினுக்கத்தோடு இருக்கும். ஒரே இடத்தில் கூடாமல் வார்ப்பெங்கும் சிதறியும் கிடக்கும். செடி போன்றவை உலோகம் உறையும்போது வளரும் படிகங்கள். அவற்றுக்கு இடையே இருந்த கடைசித் திரவம் வற்றிப் போய், நிரப்ப எதுவும் வராததால் படிகங்கள் அம்மணமாக நிற்கின்றன. அதாவது இது சுருக்கக் குழி. என் ரைசர் வேலை செய்யவில்லை.

அப்போதும் அறிவு வரவில்லை. ரைசர் போதவில்லை என்றால் இன்னும் உயரமாக வை என்றுதான் மனம் சொன்னது. தண்ணீர்த் தொட்டியை உயரத்தில் வைத்தால் குழாயில் வேகம் கூடும் அல்லவா, அந்தக் கணக்கு. அதே 5 சென்ரிமீற்றர் விட்டத்தில் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் பெட்டியை அடுக்கி வார்த்தேன். ஒரு கிலோவுக்கும் மேல் உலோகம் ரைசருக்கே போனது. ஓட்டை அசையவில்லை.

உயரமான தொட்டியில் திரவம் இருந்தால்தானே அழுத்தம். என் தொட்டி குடத்துக்கு முன்பே உறைந்துவிட்டது. உறைந்த தூண் 20 சென்ரிமீற்றர் உயரம் என்றால் என்ன, பனைமர உயரம் என்றால் என்ன?

எது முன்னால் உறையும், எது பின்னால் உறையும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. செக் நாட்டுப் பொறியியலாளர் ஹ்வோரினோவ் 1940 இல் வெளியிட்டது. படிக்கும் காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, பரீட்சையோடு மறந்தும் போயிருந்தேன்.

```
t = B × (V / A)²
```

`t` உறைவதற்கு எடுக்கும் நேரம். `V` வார்ப்பின் கனஅளவு. `A` மணலுக்கு வெப்பத்தைக் கொடுக்கும் மேற்பரப்பு. `B` உலோகத்தையும் மணலையும் ஊற்றும் வெப்பத்தையும் பொறுத்த ஓர் எண். உள்ளே இருக்கும் வெப்பம் கனஅளவைப் பொறுத்தது. அது வெளியேறும் வாசல் மேற்பரப்பு. கூட்டம் பெரிது, வாசல் சின்னது என்றால் நேரமாகும். நல்லூர்த் தேருக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இருமடி ஏன் வருகிறது என்பதுதான் பலருக்கும் பிடிபடாதது. தடை உலோகத்தில் இல்லை, மணலில் இருக்கிறது. அலுமினியம் வெப்பத்தை மளமளவென்று கடத்தும், மணல் கடத்தாது. ஊற்றிய உடனே தொட்டுக்கொண்டிருக்கும் மணல் சூடேறிவிடும். அதன் பிறகு வரும் வெப்பம் அந்தச் சூடான மணலைத் தாண்டித்தான் குளிர்ந்த மணலைத் தேடிப் போக வேண்டும். நேரம் போகப் போகத் தாண்ட வேண்டிய தூரமும் கூடுகிறது. அதனால்தான் `V / A` என்ற விகிதம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கில் நிற்காமல் நான்கு மடங்காகிறது.

நம்பிக்கை வராமல் ஒரு சோதனை செய்தேன். ஒரே கனஅளவில் இரண்டு துண்டுகள். ஒன்று 6 சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனசதுரம். மற்றது 12க்கு 9க்கு 2 என்ற அளவில் ஒரு பலகை. இரண்டும் 216 கன சென்ரிமீற்றர்தான். கனசதுரத்தின் மேற்பரப்பும் 216 என்பதால் அதன் விகிதம் சரியாக 1 சென்ரிமீற்றர். பலகையின் மேற்பரப்பு 300, விகிதம் 0.72. இருமடி எடுத்தால் 0.52, அதாவது பலகை ஏறத்தாழப் பாதி நேரத்தில் உறைய வேண்டும். மேல் பெட்டியில் பென்சில் பருமனில் ஒரு துளை விட்டு, ஒரே மூசையிலிருந்து இரண்டையும் ஊற்றி, காய்ந்த மெல்லிய கம்பியால் கால் நிமிடத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்த்தேன். பலகையில் இரண்டு நிமிடத்தைத் தாண்டியதும் கம்பி இறங்க மறுத்தது. கனசதுரத்தில் நான்கு நிமிடம். கம்பி குத்திப் பார்ப்பது துல்லியமான அளவை இல்லைதான், ஆனாலும் ஒரே எடை உலோகத்தில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு நேரம் திரவமாக நின்றதைக் கையால் உணர்ந்த பிறகு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அந்த 4 நிமிடம் என் மணலுக்கும் என் உலோகத்துக்கும் உரியது. வேறொருவர் பட்டறையில் வேறாக இருக்கும். ரைசர் கணக்குக்கு அது தேவையும் இல்லை. வார்ப்பும் ரைசரும் ஒரே மணலில், ஒரே உலோகத்தில் நிற்பதால் `B` இரண்டு பக்கமும் ஒன்றுதான். விகிதங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். விகிதம் பெரிதாக உள்ளது பின்னால் உறையும். பாதுகாப்புக்காக ரைசரின் விகிதம் அது ஊட்டும் பகுதியின் விகிதத்தைப் போல 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்பது தொழிலில் வழக்கம். இந்த விகிதத்தை மொடியூலஸ் என்றும் சொல்வார்கள்.

இப்போது கப்பியை எடுத்துக்கொண்டேன். முழுக் கப்பிக்கும் சேர்த்து ஒரே விகிதம் போட்டால் ஏமாந்துபோவோம். தட்டு வேறு, குடம் வேறு. தட்டில் குடத்துக்கு வெளியே உள்ள வளையத்தின் கனஅளவு 528. மேல் முகம், கீழ் முகம், விளிம்பு எல்லாம் சேர்த்து மேற்பரப்பு 654. விகிதம் 0.81. குடத்தின் கனஅளவு 402. அடி முகம், தலை, தட்டுக்கு மேலே தெரியும் பக்கச் சுவர் மூன்றும் சேர்ந்து 251. தட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தைச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அங்கே மணல் இல்லை. விகிதம் 1.6.

தட்டைப் போல இரண்டு மடங்கு. என் மணலில் தட்டு இரண்டரை நிமிடத்தில் உறைந்துவிடும், குடத்துக்குப் பத்து நிமிடம் வேண்டும். தட்டு உறையும்போது தன் குறையைக் குடத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. பிறகு குடம் தனக்கு வேண்டியதை ரைசரிடம் கேட்கிறது.

ரைசரைப் பார்ப்போம். 5க்கு 12 தூணின் கனஅளவு 236. பக்கச் சுவரும் தலையும் சேர்ந்து 208. விகிதம் 1.13, உறையும் நேரம் ஐந்து நிமிடம். குடம் பத்து நிமிடம் தாகத்தோடு இருக்கப் போகிறது, தொட்டியோ ஐந்தாவது நிமிடத்தில் கல்லாகிவிட்டது. இன்னும் மோசமான செய்தி, அந்த ஐந்து நிமிடத்தில் ரைசரே தன் குறைக்குக் குடத்திலிருந்து குடித்திருக்கும். ரைசர் வைக்காமலே விட்டிருந்தால் ஓட்டை கொஞ்சம் சிறிதாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

20 சென்ரிமீற்றருக்கு உயர்த்தியதும் விகிதம் 1.18 தான் ஆனது. உயரத்தைக் கூட்டினால் கனஅளவோடு பக்கச் சுவரும் சேர்ந்தே கூடுகிறது. ஒரு தூணை எவ்வளவு உயர்த்தினாலும் அதன் விகிதம் விட்டத்தின் நாலில் ஒரு பங்கைத் தாண்டாது. 5 சென்ரிமீற்றர் தூணுக்கு அந்த உச்சம் 1.25. குடத்தின் 1.6ஐ அது எந்தக் காலத்திலும் எட்டப் போவதில்லை. ரைசருக்கு வேண்டியது பருமன். உயரம் விட்டத்தின் அளவுக்கு, மிஞ்சினால் ஒன்றரை மடங்குக்கு இருந்தால் போதும்.

1.6ஐ 1.2ஆல் பெருக்க 1.92 வந்தது. விட்டமும் உயரமும் சமமான ஒரு ரைசரின் அடி முழுவதும் வார்ப்பின் மேலேயே உட்கார்ந்தால் அதன் விகிதம் விட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு. ஆக விட்டம் 9.6 வேண்டும். அடுக்களையில் கிடந்த 400 கிராம் பால்மா டின்னை எடுத்து அளந்தேன், 10 சென்ரிமீற்றர். அதையே மாதிரியாக வைத்து மணலில் அமுக்கினேன். ஆனால் 10 சென்ரிமீற்றர் ரைசர் 8 சென்ரிமீற்றர் குடத்தின் மேல் நேராக உட்கார முடியாது, உட்கார்ந்தாலும் அறுத்து எடுக்க முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் 6 சென்ரிமீற்றர் விட்டத்தில் குட்டையான ஒரு கழுத்து வைத்தேன்.

இந்தத் தடவை ஓட்டை இல்லை. ஆனால் அறுத்தபோது கழுத்துக்குச் சற்றுக் கீழே, குடத்தின் தலைப்பகுதியில், பெரிய காசு அகலத்துக்குப் பஞ்சு போல ஒரு திட்டு. விதியை நம்பிச் செய்தும் இப்படியா என்று எரிச்சலாக இருந்தது.

பிழை விதியில் இல்லை, நான் மேற்பரப்பை எண்ணிய விதத்தில். ரைசருக்குக் கணக்குப் பார்த்தபோது அடி முழுவதும் குளிராது என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் கழுத்தின் 6 சென்ரிமீற்றர் வட்டம் மட்டும்தான் குளிராது. சுற்றிலும் தொங்கும் அடி மணலில்தான் இருக்கிறது. குடத்துக்குக் கணக்குப் பார்த்தபோது அதன் தலை முழுவதும் குளிரும் என்று வைத்துக்கொண்டேன். அங்கே கழுத்து முளைத்துவிட்டதால் அந்த வட்டம் குளிரும் பரப்பிலிருந்து போய்விட்டது. இரண்டு தவறும் எனக்குச் சாதகமான பக்கத்திலேயே விழுந்திருந்தன. திருத்திப் பார்த்தால் குடத்தின் விகிதம் 1.6 அல்ல, 1.80. ரைசரின் விகிதம் 2 அல்ல, 1.77. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் உறைந்திருக்கின்றன. கடைசித் திரவம் நின்ற இடம் கழுத்தடி. பஞ்சுத் திட்டு விழுந்ததும் அங்கேதான்.

இன்னும் பெரிய டின்னைத் தேடுவதா? 10 சென்ரிமீற்றர் ரைசரே 2.1 கிலோ; கப்பி மொத்தமே 2.5 கிலோ. திரும்ப உருக்கலாம் என்றாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு கசடாகப் போகும், எரிபொருளும் போகும். விகிதத்தைக் கூட்ட இன்னொரு வழி இருக்கிறது. கனஅளவைத் தொடாமல் குளிரும் பரப்பைக் குறைப்பது.

அரிசி ஆலைக்குப் போய் ஒரு சாக்கு உமிச்சாம்பல் கேட்டேன். சும்மாவே தந்தார்கள், எதற்கு என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஊற்றி முடித்தவுடன் ரைசரின் திறந்த தலையில் இரண்டு விரல் தடிப்புக்குக் காய்ந்த சாம்பலைக் கொட்டினேன். அந்தத் தலை இனி வெப்பம் விடாது என்று கழித்தால் ரைசரின் விகிதம் 2.15 ஆகிறது. 1.80ஐப் போல 1.2 மடங்கு. சாம்பல் வெப்பத்தை முற்றாக நிறுத்தாதுதான். அந்தக் குறைக்கு, கொட்டுவதற்கு முன்பு மூசையில் மிச்சம் வைத்த சூடான உலோகத்தை ரைசரின் தலையில் விட்டு நிரப்பினேன். சாம்பல் ஈரமாக இருந்தால் நீராவி கிளம்பி உருகிய அலுமினியம் முகத்தில் தெறிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க வைத்த சாம்பலைத்தான் நான் தொடுவேன்.

அந்தக் கப்பியை அறுத்துப் பார்த்தேன். குடம் நடுவரை இறுகி, மினுங்கிக்கொண்டு இருந்தது. ரைசரையும் நெடுக அறுத்தேன். தலையிலிருந்து புனல் போல ஒரு குழி இறங்கி, கழுத்துக்கு மேலே தாராளமாக இடம் விட்டு முடிந்திருந்தது. வார்ப்பை அறுத்துப் பார்க்க முடியாதபோது ரைசரையாவது அறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டேன். குழி கழுத்து வரை வந்திருந்தால் வார்ப்பை நம்ப முடியாது. ரைசரின் தலை குழியாமல் தட்டையாகவோ உப்பியோ நின்றால் இரண்டில் ஒன்று: அது வார்ப்புக்கு முன்பே உறைந்துவிட்டது, அல்லது உலோகத்தில் வாயு நிறைய இருந்து சுருக்கத்தை மறைத்துவிட்டது. என் முதல் இரண்டு தூண்களின் தலையும் ஏறத்தாழத் தட்டையாகத்தான் நின்றன. அப்போது அதை நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

குழி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது கணக்கு. ரைசர் கடைசிவரை திரவமாக இருந்தால் மட்டும் போதாது, கொடுப்பதற்கு அதனிடம் இருக்கவும் வேண்டும். பிஸ்டன் அலுமினியம் உறையும்போது கனஅளவில் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்கிறேன். (மாதிரியைப் பெரிதாகச் செய்வதற்காக ஆசாரிமார் விடும் சுருக்கம் வேறு. அது உறைந்த பிறகு திண்மமாகக் குளிரும்போது வருவது; அதற்கு ரைசர் ஒன்றும் செய்ய முடியாது.) மணலில் நிற்கும் சாதாரண உருளை ரைசர் தன் கனஅளவில் 14 சதவீதத்தைத்தான் கொடுக்கும். மிச்சம் சுவரோரமாக உறைந்து அதனிடமே தங்கிவிடும். வார்ப்பின் குறையோடு ரைசரின் சொந்தக் குறையையும் அந்த 14க்குள்ளேதான் தீர்க்க வேண்டும். அதனால் வார்ப்புக்கென்று மிஞ்சுவது 9.

கப்பியின் கனஅளவு 930. அதை 5ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 517. ரைசர் இதற்குக் குறையக் கூடாது. பால்மா டின் 785 என்பதால் தப்பித்தது. முதல் தூண் 236 தான். அது கடைசிவரை திரவமாக இருந்திருந்தாலும் போதியிருக்காது. தடித்த கட்டைகளுக்குப் பெரும்பாலும் உறையும் நேரக் கணக்குத்தான் ரைசரின் அளவைத் தீர்மானிக்கும். மெல்லிய, அகலமான வார்ப்புகளுக்குக் கனஅளவுக் கணக்குத் தீர்மானிக்கும். இரண்டையும் போட்டுப் பெரியதை எடுக்க வேண்டும்.

அதே முறையில் இன்னொன்று வார்த்துக் கொடுத்தேன். ஐயா அதைக் கொண்டுபோய் ஓடவிட்டு, இன்னும் மூன்று வேண்டும் என்றார். மூன்றுக்கும் தலா இரண்டு கிலோ ரைசர் என்பது எனக்குக் கட்டுப்படியாகாது. குடத்தின் நடுவில் மணல் கருவை வைத்துத் துளையோடு வார்த்தால் விகிதம் குறையுமே என்று அண்ணை கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் 3 சென்ரிமீற்றர் மணல் கரு நாலாபுறமும் உருகிய உலோகம் சூழ நிற்கும். சீக்கிரமே அதுவும் சூடேறி, வெப்பம் வாங்குவதை நிறுத்திவிடும். அதன் சுவரைக் குளிரும் பரப்பாக எண்ணக் கூடாது. எண்ணாமல் கணக்குப் போட்டால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான்.

வெண்கல வேலை செய்த என் பெரியப்பா தடித்த இடங்களில் அச்சுக்குள் ஓர் இரும்புத் துண்டைப் பதிப்பார். சிறுவயதில் காரணம் கேட்டதற்கு "அங்கே சூட்டை அது தின்னும்" என்றார். அதையே செய்தேன். 8 சென்ரிமீற்றர் விட்டத்தில் 4 சென்ரிமீற்றர் தடிப்பான இரும்பு வில்லை ஒன்றை, குடத்தின் அடிமுகம் வரும் இடத்தில் மணலோடு சமமாகப் பதித்தேன். இரும்பு மணலை விடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை இழுக்கும். அடிமுகத்தை இரண்டு மடங்காக எண்ணினாலே குடத்தின் விகிதம் 1.80இலிருந்து 1.47க்கு இறங்கிவிடுகிறது. குடமும் கீழிருந்து மேலாக உறைந்துகொண்டு வரும். கடைசித் திரவம் ரைசரை நோக்கித் தள்ளப்படும்.

இரும்பு வில்லையில் ஓர் ஆபத்து உண்டு. நம் ஊர் உப்புக் காற்றில் இரண்டு நாள் கிடந்தாலே துருப்பிடித்துவிடும். குளிர்ந்த இரும்பை ஈர மணலில் வைத்தால் அதன்மேல் ஈரம் படியும். உருகிய உலோகம் பட்டதும் அந்த ஈரமும் துருவில் தங்கிய ஈரமும் வாயுவாகி, வில்லை தொட்ட முகம் முழுக்கக் கொப்புளமாகும். துருவைத் தேய்த்து எடுத்து, விளக்குப் புகைக் கரியை மெல்லப் பூசி, கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கி, பதித்தவுடனே ஊற்றிவிட வேண்டும். பெட்டியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. போயிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

வில்லை வைத்த பிறகு ரைசரை 9க்கு 9 ஆக்கினேன். சாம்பல் மூடிய அதன் விகிதம் 1.98, குடத்தின் 1.47ஐப் போல 1.3 மடங்குக்கும் மேல். நேரக் கணக்கில் இன்னும் இறக்கலாம். 8க்கு 8 என்றால் கனஅளவு 402 தான், 517க்குப் போதாது. 9க்கு 9 என்றால் 573. ஆகவே 9இல் நின்றுவிட்டேன். ஒரு ரைசருக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். பழையதை விட அரைக் கிலோ மிச்சம்.

இந்தக் கணக்கு பிஸ்டன் உலோகத்துக்கு அழகாக ஒத்துவருகிறது. அதில் சிலிக்கன் அதிகம், குறுகிய வெப்ப இடைவெளிக்குள் உறைந்துவிடும், அதனால் குறை முழுவதும் ரைசரில் ஒரே குழியாகத் திரளும். சட்டி பானைத் தகடும் ஜன்னல் சட்டமும் கலந்து உருக்கினால் அப்படி வராது. அந்தக் கலவை கூழாகி மெல்ல மெல்ல உறையும். கூழுக்குள் திரவம் நடமாட முடியாமல் ஊசிமுனை அளவில் துவாரங்கள் வார்ப்பெங்கும் பரவும். விகிதம் 1.2 இருந்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. வார்ப்பிரும்புக்கு இந்த 5 சதவீதத்தைக் கொண்டுபோகவே கூடாது. சாம்பல்நிற வார்ப்பிரும்பில் உறையும்போது பிரியும் காரீயக் கரி இடத்தை அடைத்துக்கொண்டு விரிவதால் அதன் கணக்கு வேறு. அதனால் பிஸ்டன்களை இப்போது தனிச் சாக்கில்தான் போட்டு வைக்கிறேன். மூன்று கப்பிக்கும் அந்தச் சாக்கிலிருந்துதான் எடுத்தேன்.

மூன்றில் ஒன்றின் ரைசரை நெடுக அறுத்து அளந்தேன். குழி தலையிலிருந்து 6 சென்ரிமீற்றர் இறங்கி, கழுத்துக்கு மேலே 3 சென்ரிமீற்றர் கெட்டி உலோகம் விட்டு நின்றது. கடைசல் பட்டறையில் அண்ணை துளைபோடத் தொடங்கியபோது சீவல் ஒரே சீராக, மறுபக்கம் வரும் வரை வந்துகொண்டிருந்தது.